வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி

கார்த்திகை மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் திறந்தவெளிப் புல்தரையில் கல்யாண வரவேற்பு வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. சீரியல் விளக்கு, மேடை, வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாதம் வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதம். ஆகவே இடத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். எச்சரிக்கை வந்தால் நடக்குமா, தள்ளிப்போகுமா என்பதை விருந்தினர்களுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சொல்லப் போகிறோம்?

பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. "கடைசி வரைக்கும் பார்ப்போம்" என்றே இருந்துவிடுகிறார்கள். கடைசி என்பது வீட்டுக்காரருக்கு விழா நாள் மதியம். மதுரையிலிருந்து வரும் பெரியப்பாவுக்கோ முந்தின நாள் இரவு ரயில் ஏறும் நேரம்தான் கடைசி. இந்த இடைவெளியில்தான் எல்லாச் சிக்கலும் முளைக்கிறது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த நாள் அது. அன்று மாலை ஆறரை மணிக்கு மாமல்லபுரம் போகும் வழியில் நானூறு பேருக்கு வரவேற்பு என்று வைத்துக்கொள்வோம். எப்போது முடிவெடுத்திருக்க வேண்டும்?

விழா நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடவேண்டும். சமையல்காரர் காய்கறிக்குக் கோயம்பேடு போவது வெள்ளி நள்ளிரவுக்கு மேல். பந்தல்காரர் குழி தோண்டிக் கம்பம் நடுவது வெள்ளி பகலில். ஆம்னி பஸ்ஸும் ரயிலும் தென்மாவட்டங்களிலிருந்து கிளம்புவது வெள்ளி இரவு ஒன்பது மணியை ஒட்டி. இவற்றில் முதலில் மூடும் கதவு ரயில் டிக்கெட்டுடையது. அப்போதைய ரயில்வே விதிப்படி, உறுதியான டிக்கெட்டை வண்டி புறப்படப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் கட்டணத்தில் கால் பங்கு போகும். அதைத் தாண்டினால் பாதி போய்விடும். இரவு ஒன்பதுக்கு மேல் கிளம்பும் வண்டி என்றால், காலை ஒன்பது மணி எல்லை. அப்படியானால் நம் முடிவு காலை எட்டு மணிக்கு வந்தாக வேண்டும். பெரியப்பா செய்தியைப் பார்த்து, மகனைக் கூப்பிட்டு, ரத்து செய்யச் சொல்ல ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும் அல்லவா?

விழாவுக்கு முப்பத்துநான்கு மணி நேரம் முன்பே முடிவெடுத்தால் கணிப்பு தப்பாகப் போகாதா என்று கேட்பார்கள். போகலாம். வானிலைத் துறை ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் புயலின் இடம் சராசரியாக எழுபது, எண்பது கிலோமீட்டர் பிசகும். இரண்டு நாள் முன்னதாக என்றால் நூறைத் தாண்டும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்பது சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர்தான். ஆகவே புயல் எந்த ஊரில் கரையேறும் என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

ஃபெஞ்சல் விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்தது. அந்த வார நடுவில் புயலாகும் என்றார்கள்; ஆகவில்லை. பிறகு, புயலாகாமல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கையில் இருந்த செய்தி இதுதான். அன்று பிற்பகலிலேயே அது புயலாகிவிட்டது. 'புயல்' என்ற பெயரை மட்டும் அளவுகோலாக வைத்திருந்த வீட்டில் காலையில் "நடக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். இரவு உறவினர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். சனிக்கிழமை விமான நிலையத்தை மூடினார்கள், பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பிற்பகலில் பஸ்களை நிறுத்தினார்கள்.

அதே வெள்ளி காலையில் மாறாமல் இருந்தது மழை எச்சரிக்கை. வட கடலோர மாவட்டங்களுக்கு மறுநாள் மிக கன மழை என்பதில் குழப்பம் இருக்கவில்லை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு அதுதான். விழா நடக்கும் மாவட்டத்துக்கு, விழா நாளில், ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் தள்ளிவைப்பு. மஞ்சள் என்றால் பக்கத்தில் கூரையுள்ள இடம் உண்டா என்று பார்த்து முடிவு. இந்த விதியை முன்கூட்டியே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டால், அன்று காலை வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை பெய்யலாம் என்று பொருள். சிவப்பு அதற்கும் மேல். ஃபெஞ்சலில் புதுச்சேரி ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் வாங்கியது.

"ஷாமியானா போட்டிருக்கிறோமே" என்பது அடுத்த வாதம். துணிக்கூரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே அது சற்றுத் தொங்கும். மழைநீர் அங்கே தேங்கும். தேங்கிய கனத்தில் இன்னும் தொய்யும். தொய்ந்த பள்ளத்தில் இன்னும் சேரும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் பத்து சென்டிமீட்டர் ஆழம் நின்றால் நூறு கிலோ. அதன் கீழேதான் பந்தி. நனைந்த மண்ணில் கம்பத்தின் பிடி தளரும். ஜெனரேட்டரிலிருந்து மேடைக்கு ஓடும் ஒயரின் ஒட்டுகள் புல்லுக்குள் தண்ணீரில் கிடக்கும். தாழ்வு மண்டலம் புயலாகாவிட்டாலும் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் காற்று உண்டு. அந்தக் காற்றில் துணிக்கூரை பாய்மரம்தான். பந்தல்காரரே "வேண்டாம் சார், கழட்டிடலாம்" என்று சொல்லும் வேகம் அது.

இனி விருந்தினருக்குச் சொல்வது. இரண்டே செய்திகள் போதும். முதலாவது புதன்கிழமையே போக வேண்டும்: "வானிலை எச்சரிக்கை இருப்பதால், சனிக்கிழமை வரவேற்பு நடக்குமா என்பதை வெள்ளி காலை 8 மணிக்கு இதே எண்ணிலிருந்து உறுதியாகச் சொல்கிறோம். அதுவரை டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம்." இந்த ஒரு மணிக்குறிப்பு செய்யும் வேலை பெரிது. அடுத்த இரண்டு நாளும் ஐம்பது பேர் போன் செய்து விசாரிப்பது நிற்கும். வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வதும் நிற்கும்.

இரண்டாவது, சொன்ன நேரத்துக்கு, பத்து நிமிடம்கூடப் பிந்தாமல். "வரவேற்பு தள்ளிவைக்கப்படுகிறது. முகூர்த்தம் ஞாயிறு காலை மண்டபத்தில் குடும்ப அளவில் நடக்கும். தயவுசெய்து பயணம் வேண்டாம்." 'நிலைமையைப் பொறுத்து', 'முடிந்தால் வாருங்கள்' போன்ற சொற்கள் இதில் வரவே கூடாது. நெருங்கிய சொந்தம் அதைப் பார்த்ததும் கிளம்பிவிடும், வராவிட்டால் மனத்தாங்கலாகுமே என்று. வயதான அத்தை, மாமாமார்களுக்கு வாட்ஸ்அப் போதாது. பெயர்ப் பட்டியல் வைத்து ஆளுக்குப் பத்துப் பேராகப் பிரித்து, வீட்டு இளைஞர்கள் போனில் பேசிவிட வேண்டும். எட்டரைக்கு வெயில் அடித்தாலும் முடிவைத் திரும்ப மாற்றக் கூடாது. ஒருமுறை மாற்றினால், பாதிப் பேர் முதல் செய்தியோடும் மீதிப் பேர் இரண்டாவதோடும் நிற்பார்கள்.

முகூர்த்தத்தை நகர்த்த முடியாது, வரவேற்பை நகர்த்தலாம் என்ற இந்த வசதி நம் கல்யாணங்களில் இருக்கிறது. அதனால் கூரைக்குக் கீழ் தாலி, திறந்தவெளியில் விருந்து என்று முதலிலேயே பிரித்துத் திட்டமிடுவது நல்லது. மாற்றுத் தேதியை அடுத்த வாரத்திலேயே வைப்பதில் பலனில்லை. மிக்ஜாம் வெள்ளத்தால் 2023 டிசம்பர் 9, 10ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த ஃபார்முலா 4 கார் பந்தயம் கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல்தான் நடந்தது. வீட்டு விழாவுக்கு அத்தனை மாதம் தேவையில்லை. மார்கழி கழிந்து, பொங்கலுக்குப் பிறகு ஒரு வார நாள் மாலை கேட்டால் பல இடங்கள் காலியாகவே இருக்கும்.

பணத்தில் பெரும்பகுதி தப்புவது, இடத்துக்காரர், பந்தல்காரர், சமையல்காரர் மூவரிடமும் முன்பணம் கொடுக்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால்தான்: ஆரஞ்சு எச்சரிக்கையால் முந்தின நாள் காலை எட்டு மணிக்குள் சொன்னால், முன்பணம் மாற்றுத் தேதிக்குச் செல்லும். அந்த நேரத்தில் கம்பம் நடப்படவில்லை, காய்கறி வாங்கப்படவில்லை. அதனால் அவர்களும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து முன்பே வந்து இறங்கிவிட்டவர்களுக்கு ஞாயிறு முகூர்த்தச் சாப்பாட்டில் முப்பது, நாற்பது இலை கூடுதலாகச் சொல்லி வைக்க வேண்டும். அதையும் வெள்ளி காலையிலேயே சமையல்காரரிடம் சொல்லிவிடலாம்.