வைரத்தில் ஏன் மின்சாரம் ஓடுவதில்லை?

வைரத்திலும் சிலிக்கானிலும் அணுக்கள் ஒரே விதமாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு பிணைந்திருக்கிறது. இரண்டிலுமே அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். அப்படியிருந்தும் தூய வைரம் மின்சாரத்தைத் தன் வழியே விடுவதில்லை. சிலிக்கான் கொஞ்சம் விடுகிறது. செம்போ வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரானை வைத்துக்கொண்டு தாராளமாகக் கடத்துகிறது. நான்கு எலக்ட்ரான் உள்ளவை தயங்க, ஒன்று மட்டுமே உள்ளது ஓடவிடுவது ஏன்?

உலோகத்தில் எலக்ட்ரான்கள் தளர்வாக இருக்கின்றன, காப்பானில் இறுக்கமாகக் கட்டுண்டிருக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது பாதி விடைதான். ஒழுங்காக அடுக்கிய படிகத்தில் வெளிக்கூட்டு எலக்ட்ரான் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை. வைரத்திலும் அது படிகம் முழுவதும் பரவித்தான் இருக்கிறது. மீதி விடையை 1931-இல் ஆலன் வில்சன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் தெளிவாக எழுதினார். எலக்ட்ரான் கட்டுண்டிருக்கிறதா என்பதைவிட, அது நகர்ந்து போய் உட்காரக் காலி இடம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

காலி இடம் என்றால் என்ன? தனி அணுவில் எலக்ட்ரானுக்குச் சில குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்கள் மட்டுமே உண்டு. இரண்டு அணுக்கள் நெருங்கினால் ஒவ்வொரு மட்டமும் சற்றே விலகிய இரண்டாகப் பிரியும். நூறு அணுக்கள் சேர்ந்தால் நூறாகப் பிரியும். ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் சுமார் 5 × 10²² அணுக்கள் இருக்கின்றன. அத்தனை மட்டங்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நெருக்கமாக அமைவதால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது. இந்தத் தொகுப்பைத்தான் ஆற்றல் பட்டை என்கிறோம். பட்டையில் உள்ள ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடம் கிடையாது. இது பௌலி 1925-இல் சொன்ன விதி.

இனி செம்பைப் பாருங்கள். அதன் வெளிப்பட்டையில் அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான் இருக்கலாம், இருப்பதோ ஒன்று. பட்டையில் பாதி காலி. மின்கலத்தை இணைத்ததும் எலக்ட்ரான்கள் மிகச் சிறிதளவு ஆற்றல் பெற்று, பக்கத்திலேயே இருக்கும் காலி மட்டத்துக்கு நகர்ந்து, ஒரு திசையில் ஓடத் தொடங்குகின்றன.

வைரத்திலும் சிலிக்கானிலும் கதை வேறு. அணுக்கள் பிணையும்போது வெளிக்கூட்டு மட்டங்கள் இரண்டு பட்டைகளாகப் பிரிகின்றன. கீழே இணைதிறன் பட்டை, மேலே கடத்துப்பட்டை. இரண்டுக்கும் நடுவே எந்த மட்டமும் இல்லாத வெற்றிடம் ஒன்று உண்டு. அதுதான் விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி. கீழ்ப்பட்டையில் அணுவுக்கு நான்கு இடம். இருப்பவையும் நான்கு எலக்ட்ரான்கள். ஆகவே கீழ்ப்பட்டை முழுதாக நிரம்பிவிடுகிறது, மேல்பட்டை முழுதாகக் காலி.

நிரம்பிய பட்டையால் ஏன் கடத்த முடியாது? வகுப்பில் ஒரு பெஞ்சு முழுக்க மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். "எல்லாரும் வலப்பக்கம் தள்ளி உட்காருங்கள்" என்று ஆசிரியர் சொன்னால் யாரால் நகர முடியும்? ஒருவர் எழுந்து மாடி வகுப்புக்குப் போனால் இரண்டு நன்மை. அவர் மாடியில் தாராளமாக நடக்கலாம். கீழே அவர் விட்ட இடத்துக்குப் பக்கத்து மாணவர் நகரலாம், அவர் இடத்துக்கு அடுத்தவர் நகரலாம். எலக்ட்ரான் விட்டுப்போகும் அந்தக் காலி இடத்துக்குத் துளை என்று பெயர். மின்னோட்டத்தில் துளைக்கும் பங்கு உண்டு.

மக்னீசியத்துக்கு வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான். அதன் பட்டையும் நிரம்பியிருக்க வேண்டுமே, அது எப்படி உலோகமானது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். அதில் அடுத்த பட்டை கீழிறங்கி முதல் பட்டையோடு கலந்துவிடுகிறது. இடைவெளியே இல்லாததால் காலி இடத்துக்குப் பஞ்சமில்லை.

இப்போது வைரத்தையும் சிலிக்கானையும் பிரிப்பது இடைவெளியின் அளவு மட்டும்தான். சிலிக்கானில் அது சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். கரி அணுக்கள் இன்னும் நெருங்கி இறுக்கமாகப் பிணைவதால் வைரத்தில் சுமார் 5.5. ஐந்து மடங்குதானே, கடத்தலும் ஐந்து மடங்கு குறையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அறை வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வு கொடுக்கக்கூடிய ஆற்றல் சராசரியாக 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். அரிதாக எங்கோ ஓர் எலக்ட்ரானுக்கு நிறைய ஆற்றல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அப்படித் தாண்டும் வாய்ப்பு e^(−E/2kT) என்ற அளவில் அமைகிறது. இதில் E என்பது இடைவெளி, kT என்பது அந்த 0.025.

சிலிக்கானுக்குக் கணக்கிடுவோம். 1.1 ÷ 0.05 = 22. e⁻²² என்பது ஏறத்தாழ 3 × 10⁻¹⁰. மிகச் சிறிய எண்தான். ஆனாலும் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10¹⁰ எலக்ட்ரான்கள் மேலே போய்விடுகின்றன. வைரத்துக்கு 5.5 ÷ 0.05 = 110. e⁻¹¹⁰ என்பது 10⁻⁴⁸ அளவு! பூமி அளவுக்குத் தூய வைரம் ஒன்று இருந்தால்கூட, வெப்பத்தால் மேல்பட்டைக்கு ஏறிய எலக்ட்ரான் ஒன்றிரண்டு அதில் இருந்தாலே அதிகம். இடைவெளி அடுக்கில் போய் உட்காருவதால், ஐந்து மடங்கு வித்தியாசம் இத்தனை பெரிய பள்ளமாகிவிட்டது.

இந்த இடைவெளியைக் கண்ணாலும் அறியலாம். நாம் காணும் ஒளியின் ஒரு துகளுக்குச் சுமார் 1.7 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் உண்டு. சிலிக்கானின் 1.1-ஐத் தாண்ட அது போதும். எனவே சிலிக்கான் ஒளியை விழுங்கி, ஒளி ஊடுருவாத சாம்பல் நிறத் துண்டாகத் தெரிகிறது. வைரத்தின் 5.5-ஐத் தாண்டப் போதாது. ஒளி அப்படியே உள்ளே புகுந்து வெளியேறுகிறது.

காப்பானுக்கும் குறைகடத்திக்கும் நடுவே உறுதியான சுவர் எதுவும் இல்லை. சிலிக்கானில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஒன்று வீதம் பாஸ்பரஸைச் சேர்த்தால், கடத்தும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் மடங்கு பெருகும். பாஸ்பரஸின் ஐந்தாவது எலக்ட்ரானுக்குக் கீழ்ப்பட்டையில் இடமில்லை. அது மேல்பட்டைக்கு மிக அருகிலேயே நிற்பதால் எளிதில் ஏறிவிடுகிறது. வைரத்தில் போரான் கலந்தாலோ துளைகள் உண்டாகும். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஹோப் வைரம் நீலமாக இருப்பது போரானால்தான். அத்தகைய நீல வைரம் மின்சாரத்தைக் கடத்தும். அது ஒரு குறைகடத்தி.

கையில் உள்ள துண்டு உலோகமா, குறைகடத்தியா என்று அறியச் சூடாக்கிப் பார்ப்பது நல்ல வழி. செம்பில் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறுவதில்லை. அணுக்களின் அதிர்வு கூடி வழிமறிப்பதால் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். தூய சிலிக்கானில் மேலேறும் எலக்ட்ரான்கள் சுமார் 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாவதால் மின்தடை சரசரவென்று இறங்கும். மாசூட்டிய சிலிக்கானில் இந்தச் சோதனை சாதாரணச் சூட்டில் ஏமாற்றலாம். அங்கே பாஸ்பரஸ் எலக்ட்ரான்கள் ஏற்கனவே எல்லாம் ஏறிவிட்டிருக்கும்.

முதலாண்டு ஆய்வகத்தில் ஜெர்மானியம் டையோடை எண்ணெயில் வைத்துச் சூடாக்கி, பின்னோக்கு மின்னோட்டத்தை அளக்கச் சொல்வார்கள். மின்னோட்டத்தின் மடக்கையைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழோடு வரைபடமாகப் போடுங்கள். கிடைக்கும் நேர்கோட்டின் சாய்விலிருந்து இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். கவனமாக அளந்திருந்தால் 0.7 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே வரும்.