கோபுரத்தின் வட்டத் தட்டு

கைபேசிக் கோபுர உச்சியில் செங்குத்தாக நிற்கும் நீள்பெட்டிகள் கைபேசிகளுடன் பேசுகின்றன. அதே கோபுரத்தில் மேளம் போலத் தெரியும் வட்டத் தட்டு மைக்ரோவேவ் ஆன்டெனா. இது எதிரே உள்ள கோபுரத்துடன் மட்டுமே பேசும். இந்தியாவில் 1995-இல் கைபேசிச் சேவை தொடங்கியபின், கேபிள் எட்டாத பல ஊர்களை மைய வலைப்பின்னலுடன் இணைத்தவை இத்தகைய தட்டுகளே.

இரு தட்டுகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்; இடையில் மரம் வளர்ந்தாலும் இணைப்பு நலியும். 15 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 28 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை, ஒவ்வொரு துடிப்பிலும் 8 பிட் ஏற்றினால், நொடிக்கு ஏறத்தாழ 180 மெகாபிட் கடத்தும். கனமழைத் துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கும். சமிக்ஞை மெலிந்ததும் கருவி தானாகவே துடிப்புக்கு 2 பிட் வரை இறங்கிவிடும். வேகம் கால்பங்காகும், ஆனால் இணைப்பு பெரும்பாலும் அறுவதில்லை. மழையில் கைபேசித் திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் இணையம் தவழ்வதற்கு இது ஒரு காரணம்.

கேபிள் எட்டிய ஊர்களில், கோபுரத்தின் அடியில் நுழையும் கருப்புக் கேபிளுக்குள் கண்ணாடி இழைகள் உள்ளன. ஒரு ஜோடி இழையில் நொடிக்கு 10 கிகாபிட் இன்று சாதாரணம். மழை இதைத் தொடாது. இதன் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை இரு முனைக் கருவிகளும், அதே பாதையைப் பகிரும் மற்ற கோபுரங்களின் நெரிசலுமே. சாலை தோண்டும்போது இழை அறுபடலாம் என்பதால், இழை வந்த பின்னும் சில கோபுரங்களில் தட்டை மாற்றுவழியாக வைத்திருக்கிறார்கள்.