'சோம்பேறி' என்று சொல்லாமல் தாமதத்தைச் சொல்வது எப்படி?

இளைய ஊழியர் ஒருவரின் வேலை பிந்தும்போது மூத்தவரின் வாயில் முதலில் வருபவை சோம்பேறி, ஸ்லோ, மந்தம், மெத்தனம் போன்ற சொற்கள். கேட்பவரை அவை சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய குறை, எதைத் திருத்த வேண்டும் என்ற தகவல் அவற்றில் இல்லாதது. 'ஸ்லோவா இருக்கீங்க' என்று கேட்ட ஊழியருக்கு மறுநாள் காலை எதை மாற்றிச் செய்வது என்று தெரியாது. சொன்ன மூத்தவரைக் கேட்டால் அவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

ஒருவருடைய செயலுக்கு அவருடைய குணமே காரணம் என்று முடிவு கட்டி, சூழ்நிலையின் பங்கைக் குறைத்து எடைபோடும் பழக்கம் மனிதர்களிடம் ஆழமாக இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். அலுவலகத்தில் இந்தப் பழக்கம் எளிதாகத் தலைகாட்டும். மேசையில் வராத கோப்பு மூத்தவருக்குத் தெரிகிறது. கோப்பு எங்கே நின்றது என்பது தெரிவதில்லை. தெரியாத அந்த இடத்தை 'சோம்பேறி' என்ற சொல் நிரப்பிவிடுகிறது.

கருத்துச் சொல்வதால் எப்போதும் நன்மைதான் விளையும் என்பதும் சரியல்ல. இதுபற்றி அதுவரை நடந்த பல ஆய்வுகளை அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996இல் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலையின் தரம் குறைந்திருந்தது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டுத் தன்மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த முக்கியமான விளக்கம். 'சோம்பேறி' என்ற சொல் செய்வது அதைத்தான். அந்த நிமிடத்திலிருந்து ஊழியர் வேலையைப் பற்றி யோசிப்பதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைப் பற்றித்தான் யோசிக்கிறார்.

ஆகவே மென்மையான மாற்றுச் சொல்லைத் தேடுவதற்கு முன், தாமதம் எந்த இடத்தில் நேர்ந்தது என்று தேட வேண்டும். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை வைத்து இதைப் பார்க்கலாம். நூல் வியாபாரி ஒருவரின் ஜி.எஸ்.டி. கணக்கு, வேலையில் சேர்ந்து 8 மாதமான உதவியாளரிடம் இருக்கிறது. விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியலான GSTR-2B ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி இணையதளத்தில் வரும். வியாபாரியின் கொள்முதல் கணக்கோடு அதை ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் GSTR-3B தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பிட்ட பட்டியல் 16ஆம் தேதி மாலையே வந்துவிடும் என்று மூத்தவர் எதிர்பார்த்தார். வந்ததோ 19ஆம் தேதி மாலை.

'இவ்வளவு ஸ்லோவா இருந்தா எப்படிம்மா?' என்று கேட்டு அனுப்பிவிடுவது ஒரு வழி. உட்காரச் சொல்லி, எந்தக் கட்டம் எந்தத் தேதியில் முடிந்தது என்று வரிசையாகக் கேட்பது இன்னொரு வழி. கேட்டபோது தெரியவந்தது இது: 10ஆம் தேதி வரவேண்டிய பில்களை வியாபாரி 13ஆம் தேதிதான் கொடுத்திருக்கிறார். டாலியில் பதிவு 14, 15 தேதிகளில் முடிந்துவிட்டது. 16ஆம் தேதி காலை ஒப்பிட்டதில் 340 பில்களில் 290 உடனே பொருந்தின, 50 பொருந்தவில்லை. அவற்றில் 38 பில்களில் சிக்கல் எண்ணில் மட்டும்தான். விற்றவர் KT/045/24-25 என்று பதிந்ததை, வியாபாரியின் கணக்கில் வெறும் 45 என்று ஏற்றியிருந்தார்கள். இப்படி ஏற்கலாமா என்று உதவியாளருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு விற்பனையாளரையும் போனில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பலர் போனை எடுக்கவேயில்லை. 'உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நினைச்சேன் சார்' என்பது அவருடைய பதில்.

ஆக, பதிவில் தாமதமில்லை, உழைப்பிலும் குறைவில்லை. மூன்று நாள் போனது, கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் ஒரு சந்தேகத்தில். மூத்தவர் சொல்ல வேண்டியது இப்போது தானாகவே கிடைத்துவிடுகிறது: '16ஆம் தேதி மதியத்திலிருந்து அந்த 38 பில்லில் வேலை நின்னுருக்கு. விற்றவரோட ஜி.எஸ்.டி. எண், தேதி, தொகை மூணும் ஒத்துப்போய், பில் எண் எழுதின விதம் மட்டும் மாறியிருந்தா ஒரே பில்தான், எடுத்துக்கலாம். சந்தேகம்னா ஒரு பில்லைக் கொண்டுவந்து காட்டுங்க. அடுத்த மாசம் ஒரே இடத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னா உடனே வந்து கேட்டுடுங்க. தொந்தரவுன்னு நினைக்காதீங்க.' இதில் இனிக்கப் பேசிய சொல் ஒன்றுமில்லை. ஆனால் எங்கே நின்றது, என்ன விடை, இனி என்ன செய்வது என்ற மூன்றும் இருக்கின்றன. சூழல், செயல், விளைவு என்று பிரித்துச் சொல்லும்படி அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் நிறுவனம் கற்பிக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். 19ஆம் தேதி வந்ததால் மீதி 12 பில்களின் விற்பனையாளர்களிடம் பேச நேரமில்லாமல் போனது என்ற விளைவையும் சேர்த்துச் சொன்னால் அது முழுமையாகும்.

எல்லாத் தாமதமும் கேட்கத் தயங்கியதால் வருவதல்ல. தொடங்கவே பிந்தியிருந்தால் 'எப்போது கையில் எடுத்தீர்கள்? முன்னால் வேறு என்ன இருந்தது?' என்று கேட்கலாம். இரண்டு மேலதிகாரிகள் ஒரே நாளில் வேலை கொடுத்து, எதை முதலில் செய்வது என்று சொல்லாமல் விட்டது பல சமயம் அப்போதுதான் வெளிப்படும். அங்கே திருந்த வேண்டியவர் இளையவர் அல்ல. ஒரே கணக்கை நான்கு முறை சரிபார்ப்பவரிடம் 'பிழையில்லாமல் இருக்கிறது. இந்தக் கட்டத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்; கடைசியில் நானும் பார்ப்பேன்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அவரைப் போய் சோம்பேறி என்றால், அடுத்த முறை சரிபார்க்காமலே அனுப்பிவிடுவார்.

வாக்கியத்தை அமைப்பதில் தமிழின் வினைச்சொற்கள் கைகொடுக்கின்றன. முடித்தார் - முடிந்தது, நிறுத்தினார் - நின்றது, தேக்கினார் - தேங்கியது என்று பல வினைகள் இரட்டையாகவே இருக்கின்றன. 'நீங்க முடிக்கலை' என்றால் விரல் ஆள்மீது நீள்கிறது. 'பட்டியல் முடியலை' என்றால் இருவரும் பட்டியலைப் பார்க்கிறார்கள். ஆனால் எல்லா வாக்கியத்தையும் இப்படியே அமைத்தால் பொறுப்பு யாருடையது என்பதே மறைந்துபோகும். நடந்ததைச் சொல்லும்போது வேலையை எழுவாயாக்கி, இனி நடக்க வேண்டியதைச் சொல்லும்போது ஆளை எழுவாயாக்குவது நல்ல வழி: 'பட்டியல் 19ஆம் தேதிதான் வந்தது. அடுத்த மாதம் 16ஆம் தேதிக்குள் நீங்கள் அனுப்பிவிடுங்கள்.'

சொல்லைவிட அதிகமாகச் சுடுபவை சொல்லின் வாலில் ஒட்டும் எழுத்துகள். 'இதுகூட முடியலையா?' என்பதில் 'கூட' வேலையையும் ஆளையும் ஒருசேரச் சிறிதாக்குகிறது. 'இன்னுமா பண்றீங்க?' என்பதில் அந்த 'ஆ' கேள்வியைக் குற்றச்சாட்டாக்கிவிடுகிறது. 'எப்பவும் இப்படித்தான்' என்பதில் இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரு நாள் தாமதத்தை ஆயுள் குணமாக்குகின்றன. சோம்பேறி என்ற சொல்லை வாயில் எடுக்காதவர்கள்கூட இந்த மூன்றையும் நாளும் பயன்படுத்துகிறார்கள். 'எதுவரைக்கும் வந்திருக்கு?' என்று கேட்டால் அதே தகவல் கிடைத்துவிடும். இளையவர் பொய் சொல்லவும் தேவையிருக்காது. 'இன்னுமா?' என்று கேட்பவருக்கு 'முடியப்போகுது சார்' என்பதைத் தவிர வேறு பதில் வருவது அபூர்வம். அந்தப் பதிலை நம்பி மறுநாளும் போய்விடும்.

மென்மை என்று நினைத்துச் சொல்லும் சில சொற்கள் உண்மையில் மென்மையானவை அல்ல. 'அக்கறை போதாது', 'ஈடுபாடு குறைவு', 'சுறுசுறுப்பு வேண்டும்' ஆகியவை கண்ணியமாக ஒலித்தாலும் ஆளின் உள்ளத்தைப் பற்றிய தீர்ப்புகளே. 'அக்கறை இல்லை' என்பது சோம்பேறியைவிடக் கடுமையானது. சோம்பலையாவது உதறலாம், அக்கறை இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? எதிர்ப்பக்கத்தில், 'பரவாயில்லை, நிதானமானவர்' என்று பூசி மெழுகுவதும் தீங்குதான். பாராட்டு என்று எண்ணிக்கொண்டு ஊழியர் அப்படியே இருப்பார். ஊதிய உயர்வின்போதுதான் உண்மை தெரியவரும்.

எழுத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்த தேவ் தத் வழக்கு சான்று. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் ஒருவருக்கு ஓர் ஆண்டின் ரகசிய அறிக்கையில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு வேண்டியிருந்ததோ 'மிக நன்று'. கேட்க இனிமையான அந்தச் சொல்லால் அவருக்கு உயர்வு தடைபட்டது. அப்படி ஒரு குறிப்பு இருப்பதை யாரும் அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. நல்லதோ கெட்டதோ, அறிக்கையின் ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'வேகம் குறைவு' என்று எழுதுவதற்குப் பதில், 'ஏப்ரல், மே மாதங்களில் ஒப்பீட்டுப் பட்டியல் 3 நாள் பிந்தியது. சந்தேகங்களை அன்றே கேட்கத் தொடங்கியபின் ஜூனில் உரிய நாளில் வந்தது' என்று எழுதினால் படிக்கும் யாருக்கும் பொருள் விளங்கும். தவறாக இருந்தால் ஊழியர் தேதியைக் காட்டி மறுக்கவும் முடியும். குணத்தைப் பற்றிய சொல்லை மறுக்க வழியே கிடையாது.

பில்லும் நேரத்துக்கு வந்து, விடையும் சொல்லிக்கொடுத்து, வேறு வேலையும் இல்லாமல், அப்படியும் பட்டியல் வராமல் போகும் மாதங்களும் உண்டு. அப்போதும் முதலில் தனியாக அழைத்து, வீட்டிலோ உடல்நிலையிலோ ஏதாவது சிரமமா என்று கேட்பது முறை. பதில் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. அதன்பின் நேராகப் பேசலாம்: 'மூன்று மாதமாக 16ஆம் தேதி என்று பேசி வைத்திருக்கிறோம், மூன்று முறையும் தவறியிருக்கிறது. அடுத்த மாதமும் தவறினால் இந்தக் கணக்கை வேறொருவரிடம் கொடுக்க வேண்டிவரும்.' இது கேட்க இதமான பேச்சு அல்ல. ஆனாலும் ஊழியருக்குத் தேதி தெரிகிறது, தவறினால் வருவது தெரிகிறது. வசைச்சொல் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும் இடமும் முக்கியம்: மற்றவர்கள் காதில் விழும் கூடத்தில் வேண்டாம், கதவு சாத்திய அறையில் சொல்ல வேண்டும். பேசியதை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அந்த ஊழியருக்கு மட்டும் அனுப்பிவைத்தால், பின்னால் இரு தரப்பிலும் ஞாபகக் குழப்பம் வராது.