அடியில் 11 இன்ச்தான்

கரூரில் மெத்தை விரிப்பும் திரைச்சீலையும் தைக்கிற இடங்களில் மிஞ்சும் கெட்டித் துணியை எடைக்கு வாங்கிவந்து பை தைக்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு பெண். முன்பக்கத்தில் ஊசியும் நூலுமாக ஓட்டுத் தையலில் அலை அலையாகக் கோடு ஓடும். ஒரு பைக்கு அந்தக் கோடுகள் மட்டுமே இரண்டு நாள் சாயங்காலத்தைத் தின்றுவிடும். வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்க ஆரம்பித்தபோது அவர் எழுதியது இவ்வளவுதான்: “கையால் தைத்த பெரிய பை. 15 இன்ச். லேப்டாப் வைக்கலாம். 850 ரூபாய்.”

ஐந்தாவதாக விற்ற பைக்கு வந்தது வசவு. “15 இன்ச்னு போட்டிருக்கீங்க. என்கிட்டயும் இன்ச் டேப் இருக்கு மேடம், அடியில 11தான் வருது. லேப்டாப் பாதியிலேயே சிக்கிக்குது. நெட்டுக்குத்தா வச்சா ஜிப் மூடல. கையால தைச்சதுன்னீங்க, ஓரம் பூரா மெஷின் தையல். ஏமாத்துறீங்களா?”

அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “நான் பொய் சொல்லலக்கா, 15 இன்ச்சுக்குத்தானே தைச்சேன்” என்று என்னிடம் புலம்பினார். பிறகு அதே அளவில் வீட்டிலிருந்த இன்னொரு பையை எடுத்துப்போட்டு அளந்தோம். இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

துணியை வெட்டியது 16 இன்ச் அகலம், 17 இன்ச் உயரம். பக்கத்துக்கு அரை இன்ச் தையலில் போக, தட்டையாக விரித்தால் அகலம் 15. ஆனால் பை உட்காரவேண்டும் என்று அடிமூலை இரண்டையும் முக்கோணமாகப் பிடித்து 4 இன்ச்சுக்குக் குறுக்கே தைத்திருந்தார். அப்படித் தைத்தால் அடி 4 இன்ச் பருமனாகும். அந்த 4 இன்ச் நீளத்திலிருந்துதான் போகும். 15 போய் 11 ஆனது அப்படி. உயரத்திலும் வாய்மடிப்புக்கு ஒன்று, அடித்தையலுக்கு அரை, மூலைக்கு 2 என்று கழித்தால் நிற்பது பதிமூன்றரை.

லேப்டாப்பின் கதை வேறு. கடையில் 15.6 இன்ச் என்று சொல்வது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தூரம். உடம்பின் அகலம் பெரும்பாலும் 14 இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். படுக்கவைத்தால் 11 இன்ச் அடியில் இறங்காது. நிமிர்த்தினால் பதிமூன்றரைக்கு மேலே தலை நீட்டும். ஜிப் எப்படி மூடும்?

தையல் விஷயத்திலும் வாங்கியவர் பார்த்தது சரியே. மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று கவ்வுவதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இடைவெளியில்லாமல் வரிசை ஓடும். ஓட்டுத் தையலில் நூல் ஒன்றுதான். ஒரு பக்கம் நூல் தெரிகிற இடத்தில் மறுபக்கம் வெறும் துணி. பையை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். பக்கங்களை இவர் மெஷினில் அடித்தது சோம்பலால் அல்ல. வெறும் ஓட்டுத் தையலில் ஓரத்தை மூட்டினால் பாரம் தூக்கும்போது பிளந்துகொள்ளும். தைக்கத் தெரிந்தவருக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரிகிற சங்கதி. அதனாலேயே எழுதத் தோன்றவில்லை.

பணத்தைத் திருப்பி அனுப்பினார்; கூரியர் செலவும் அவர் தலையில்தான். அப்புறம் உட்கார்ந்து எழுதியது இது:

“முன்பக்கக் கோடுகள் கையால் போட்ட ஓட்டுத் தையல். பக்கம், அடி, பிடி மெஷின் தையல். நிறுத்திவைத்து உள்ளே அளந்தது: அடி நீளம் 11, அடி அகலம் 4, உயரம் பதிமூன்றரை இன்ச். 15.6 இன்ச் லேப்டாப் நுழையாது. ஏ4 நோட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் வைத்து மூடலாம்.”

‘நுழையாது’ என்ற வார்த்தையை எழுதும்போது கை நின்றதாம். விற்கிறவர் யாராவது அப்படி எழுதுவார்களா என்று வீட்டுக்காரரும் கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே ஒருவர், “அப்போ எனக்கு ஆகாதுங்க” என்று விலகினார். விற்காத அந்தப் பைக்குக் கூரியர் காசு மிச்சம் என்று எனக்குப் பட்டது. அவருக்கு அப்போது அப்படிப் படவில்லை.

லேப்டாப்புக்கென்றே இப்போது 20 இன்ச் அகலத்தில் துணி வெட்டுகிறார். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து பதினாலேகால் இன்ச்சுக்குப் பத்தில் ஒரு துண்டு நறுக்கி மெஷின் பக்கத்தில் சாய்த்துவைத்திருக்கிறார். தைத்து முடித்த ஒவ்வொரு பைக்குள்ளும் அது இறங்கி, ஜிப் மூடிய பிறகுதான் படம் எடுப்பது.

திரும்பி வந்த பையை அவர் மறுபடி விற்கவில்லை. உழவர் சந்தைக்கு அதைத்தான் கொண்டுபோகிறார். கத்திரிக்காய்க்கு 11 இன்ச் தாராளம்.