‘இல்லை’ என்று எழுதும் முன் தண்டனை ஆணையைத் தேடுங்கள்

திண்டுக்கல் பேருந்து நிலையப் பக்கத்து நெட் சென்டர்களில் வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தால், ஆம்-இல்லை கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று ‘இல்லை’ தட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. போடுகிறவர் கேட்பதில்லை, போடச் சொன்னவர் படிப்பதில்லை. அதே கைப்பழக்கத்தில், வேலை கிடைத்த பிறகு தரப்படும் அட்டெஸ்டேஷன் படிவத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மத்திய அரசுப் பணிக்குத் தேர்வானவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் படிவம் அது. கைது, வழக்கு பற்றிய கேள்விகளோடு இன்னொன்றும் இருக்கிறது: பல்கலைக்கழகமோ வேறு கல்வி நிறுவனமோ உங்களைத் தேர்வு எழுதத் தடை செய்ததா, நிறுவனத்திலிருந்து விலக்கியதா? அப்படி ஒரு விசாரணை இப்போது நிலுவையில் உள்ளதா என்பது தனிக் கேள்வி. தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்று படிவத்தின் தலையிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

ஒரு பொறியியல் மாணவரை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பர் தேர்வில் பிட்டோடு பிடிபட்டார். அந்தப் பருவத் தாள்கள் ரத்தாகி, 2023 ஏப்ரல் தேர்வு எழுதவும் தடை வந்தது. பிறகு எழுதித் தேறிவிட்டார். கல்லூரி கொடுத்த டி.சி.யில் ‘நடத்தை: நன்று’ என்றிருக்கிறது. அதை நம்பி ‘இல்லை’ என்று எழுதுகிறார். டி.சி. வேறு, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் பதிவேடு வேறு. டி.சி.யில் இல்லாததால் தடை இல்லை என்றாகிவிடாது.

2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் படிவங்களைப் பற்றி விரிவாகப் பேசியது. அது குற்ற வழக்கை மறைத்தது பற்றிய தீர்ப்பு. ஆனால் கேள்வி இருப்பது அதே படிவத்தில்தான். தகவல் உண்மையாக இருக்க வேண்டும். அற்ப விஷயமென்றால் மறைத்ததை வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். குறிப்பாகக் கேட்கப்பட்டதைத்தான் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். உண்மையைச் சொன்னாலே வேலை உறுதி என்று அது சொல்லவில்லை. சொன்னதைப் பரிசீலிக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. ஆனால் சொன்னவர்மேல் ‘மறைத்தார்’ என்ற இரண்டாவது குற்றம் ஏறாது.

ஆகவே முதல் வேலை, தண்டனை ஆணையின் நகலைக் கையில் வாங்குவது. கல்லூரி அலுவலகத்தில் ‘நாளைக்கு வா’ என்று இழுத்தடிப்பார்கள், அங்கேயே நிற்காதீர்கள். உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததோ, அதன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பதிவு எண், பருவம், தாளின் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால், அதே பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுச் செய்யுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அங்கேயே முதல் மேல்முறையீடு செய்யலாம்.

ஆணை வந்ததும் அதிலுள்ள சொல்லைப் பாருங்கள். தேர்வுத் தடை என்றால் ‘ஆம்’. ஒரு தாள் மட்டும் ரத்து, தடை இல்லை என்றால் இந்தக் கேள்வி அதைக் கேட்கவில்லை. பத்து நாள் சஸ்பெண்ட் ஆனவரும் அப்படித்தான். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ தனியார் நிறுவனமோ ‘ஏதேனும் ஒழுங்கு நடவடிக்கை உண்டா’ என்று கேட்டால், அந்தப் பத்து நாளும் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு படிவத்தின் கேள்வியையும் தனித்தனியாகப் படியுங்கள்.

‘ஆம்’ என்று எழுதியபின் தனித்தாளில் விளக்கம் இணையுங்கள். நாலைந்து வரி போதும்:

“2022 நவம்பர் தேர்வில் குறிப்புத்தாள் வைத்திருந்தேன். விசாரணையில் அது உறுதியானது. அந்தப் பருவத் தாள்கள் ரத்து செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் தேர்வு எழுதத் தடை விதிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அத்தாள்களை எழுதித் தேர்ச்சி பெற்றேன். தவறு என்னுடையது. ஆணை நகல் இணைப்பு.”

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பக்கத்துப் பையன் தூக்கிப் போட்டான், எல்லாரும்தான் அடித்தார்கள் என்பதெல்லாம் இதில் வேண்டாம். படிப்பவர் ஆணையோடு ஒப்பிடுவார். ஆணை ‘வைத்திருந்தார்’ என்கிறபோது நீங்கள் ‘தெரியாமல் வந்துவிட்டது’ என்று எழுதினால், அதுவும் பொய்த் தகவல்தான். தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு உண்மையிலேயே நிலுவையில் இருந்தால் அதை மட்டும் தேதியோடு குறிப்பிடுங்கள்.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று கொடுத்துவிட்டீர்களா? சரிபார்ப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நியமன அதிகாரிக்கு அதே விளக்கத்தையும் ஆணை நகலையும் இன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தானாகச் சொன்னதும் பிடிபட்டபின் சொன்னதும் கோப்பில் ஒன்றாக இருக்காது. படிவம் கொடுத்த பிறகு தடை வந்தாலும் உடனே தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காததும் மறைத்ததாகவே கொள்ளப்படும் என்று படிவமே சொல்கிறது.

கடைசியாக ஒன்று சொல்கிறேன்: அந்தக் கேள்வியை நெட் சென்டர்காரர் கையில் விடாதீர்கள். தட்டுவது அவர் விரல், கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.