முறுக்கினால் மெலியும் தோள்

அனிமேஷன் பாத்திரம் கையை முறுக்கும்போது, தோள் பிழிந்த ஈரத்துணிபோல ஒடுங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிய கணக்கு.

தோலின் ஒவ்வொரு புள்ளியும் அருகிலுள்ள எலும்புகளோடு சேர்ந்து நகர்கிறது. தோள்பட்டை எலும்புக்குப் பாதி, மேற்கை எலும்புக்குப் பாதி என்று கட்டுப்பட்ட ஒரு புள்ளி, கையின் மைய அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கட்டும். மேற்கை 90 பாகை முறுக்கினால் அந்தப் புள்ளிக்கு இரண்டு இடங்கள் கிடைக்கும்: (5, 0), (0, 5). பழைய லீனியர் பிளெண்ட் முறை இவற்றின் சராசரியான (2.5, 2.5)-ஐ எடுக்கிறது. அச்சிலிருந்து அதன் தூரம் சுமார் 3.5 செ.மீ.தான், குறுக்குப் பரப்பில் பாதி போய்விட்டது. 180 பாகையில் தோல் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். நேர்கோட்டில் சராசரி எடுப்பதுதான் கோளாறு.

2007-இல் லாடிஸ்லாவ் கவனும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த டூயல் குவாட்டர்னியன் முறை, இடங்களுக்குப் பதில் சுழற்சிகளையே கலக்கிறது. 90-இல் பாதி, 45 பாகைச் சுழற்சி. புள்ளி வட்டத்தின் மேலேயே நிற்கிறது, 5 செ.மீ. அப்படியே இருக்கிறது.

ஆனால் கையை மடக்கும்போது இதே முறை மூட்டைப் புடைக்க வைக்கும். 180 பாகையைத் தாண்டினால் தோல் சட்டென்று மறுபக்கம் புரளும். ஆகவே மாயாவில் `Weight Blended` தேர்ந்து, முறுக்கும் பகுதிக்கு மட்டும் டூயல் குவாட்டர்னியனைக் கொடுங்கள். பிளெண்டரில் அதன் பெயர் `Preserve Volume`.