எண்ணூர் தண்ணீரில் காட்மியம் எவ்வளவு? உப்பு சொல்லும் பொய்யைக் காந்தம் எப்படிப் பிடிக்கிறது?

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது நெட்டுக்குப்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இந்த முகத்துவாரம் வரை வந்தது நினைவிருக்கும். அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் கலக்கும் பிரச்சனை அதற்கும் பல வருஷம் பழையது, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த இறாலையும் நண்டையும் சாப்பிடலாமா?

பதில் சொல்ல, தண்ணீரிலும் மீனிலும் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை அளக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கடல் தண்ணீரில் இருக்கும் சாதாரண உப்பே அளவீட்டைக் கெடுத்துவிடும். அதைச் சரிசெய்யப் பல லேப்கள் நம்பும் வழி, 1896-ல் நெதர்லாந்தின் லைடனில் பீட்டர் ஜீமன் கண்டுபிடித்த ஒரு விளைவு. வேடிக்கை என்னவென்றால், அவரும் உப்பில்தான் தொடங்கினார்!

உப்பு ஏன் குறுக்கே வருகிறது?

இந்தியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் 0.003 மில்லிகிராம் காட்மியம்தான் உச்ச வரம்பு. கழிமுகத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, ஆனால் எவ்வளவு சின்ன அளவைத் தேடுகிறோம் என்று புரிய இது உதவும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதாவது, தேடும் பொருளைவிட ஒரு கோடி மடங்குக்கும் அதிகம்.

அளக்கும் முறை இதுதான். விரல் நீளம்கூட இல்லாத ஒரு கிராஃபைட் குழாயில் சில சொட்டுக்கும் குறைவான தண்ணீரை விட்டு, மின்சாரத்தால் படிப்படியாகச் சூடாக்குவார்கள். முதலில் நீர் ஆவியாகும், பிறகு கரிமப் பொருட்கள் கருகும், கடைசியில் உலோகம் தனித்தனி அணுக்களாகப் பிரியும். அப்போது ஒரு காட்மியம் விளக்கின் ஒளி குழாய்க்குள் பாயும். 228.8 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் காட்மியம் அணு விழுங்கும். எவ்வளவு ஒளி குறைகிறதோ, அதை வைத்து எவ்வளவு காட்மியம் என்று கணக்கிடலாம்.

ஆனால் உப்பு ஆவியும் அதே பகுதியில் ஒளியை விழுங்கும், புகைத் துகள்கள் அதைச் சிதறடிக்கும். 'உப்பை முதலிலேயே விரட்டிவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். காட்மியம் 767 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், உப்புக்கோ 1,400 டிகிரியைத் தாண்ட வேண்டும். உப்பை விரட்டப் போனால் காட்மியம்தான் முதலில் ஓடிவிடும். கருவிக்குத் தெரிவது ஒளி குறைந்தது மட்டும்தான், யார் குறைத்தது என்பது தெரியாது.

காந்தம் என்ன செய்கிறது?

உப்பில் நனைத்த கல்நார்த் துண்டை ஜீமன் தீச்சுடரில் காட்டினார். உப்பிலிருக்கும் சோடியம் மஞ்சளாக ஒளிர்ந்தது. சுடரை வலுவான மின்காந்தத்தின் நடுவே வைத்தபோது அந்த மஞ்சள் நிறமாலைக் கோடுகள் அகன்றன. உண்மையில் அவை பல கோடுகளாகப் பிரிந்திருந்தன. விளக்கம் தந்த லோரன்ட்ஸும் ஜீமனும் 1902-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஏன் பிரிகிறது? அணுவுக்குள் எலக்ட்ரான்களுக்குக் கோண உந்தம் உண்டு. சுழலும் பம்பரத்திடம் இருப்பது போன்ற ஒன்று என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். மின்னூட்டம் உள்ள பொருளுக்குக் கோண உந்தம் இருந்தால் அது ஒரு குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். வெளியே பெரிய காந்தம் வைத்தால், குட்டிக் காந்தம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அணுவின் ஆற்றல் கொஞ்சம் கூடும் அல்லது குறையும்.

பம்பரம் எந்தக் கோணத்திலும் சாயலாம். அணுவால் முடியாது. கோண உந்தம் 0 என்றால் அதற்கு ஒரே நிலைதான், 1 என்றால் மூன்று நிலைகள், 2 என்றால் ஐந்து. இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எண்ணிக்கை வந்துவிடும்.

காட்மியம் இதற்குக் கச்சிதமான உதாரணம். சாதாரண நிலையில் அதன் வெளி எலக்ட்ரான்கள் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும், மொத்தக் கோண உந்தம் 0. 228.8 ஒளியை விழுங்கியதும் அது 1 ஆகிறது. எனவே காந்தத்துக்குள் அந்த ஒரு கோடு மூன்றாகும்: ஒன்று பழைய இடத்திலேயே, மற்ற இரண்டும் இருபுறமும் தள்ளி. 0.8 டெஸ்லா காந்தப்புலத்தில் அந்த நகர்வு ஏறத்தாழ 0.002 நானோமீட்டர். விளக்கின் ஒளிக்கோடு இதைவிட மெல்லியது என்பதால், நகர்ந்த இரண்டும் அதன் பார்வையிலிருந்து பெருமளவு விலகிவிடும்.

நடுக்கோடு அங்கேயே இருக்கிறதே? அது காந்தப்புலத்துக்கு இணையாக அதிரும் ஒளியை மட்டும்தான் விழுங்கும். அந்தத் திசை ஒளியை ஒரு வடிகட்டியால் மறைத்துவிட்டால், காட்மியம் கருவியின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட மறைந்தே போகும்.

உப்பு மூலக்கூறின் கதை வேறு. அதில் எலக்ட்ரான்களின் கோண உந்தம் மொத்தமாகப் பூஜ்யம், அது விழுங்கும் ஒளியும் அகலமான பட்டை. காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். புகைக்கும் அப்படியே.

இனி வேலை சுலபம். காந்தத்தை நொடிக்குப் பல முறை போட்டு அணைக்க வேண்டும். உதாரணமாக, காந்தம் இல்லாதபோது கருவி 0.50 காட்டுகிறது, இருக்கும்போது 0.42 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது உப்பும் காட்மியமும் சேர்ந்தது, இரண்டாவது உப்பும் புகையும் மட்டும். காட்மியத்தின் பங்கு 0.08. காந்தம் இல்லாமல் 0.50-ஐ அப்படியே நம்பியிருந்தால், ஆறு மடங்கு பீதியைக் கிளப்பியிருப்போம்.

தாமிரம் கொடுத்த அதிர்ச்சி

எல்லா அணுவும் இப்படி மூன்றாகப் பிரிவதில்லை. தாமிரத்தை அளக்கும் 324.8 நானோமீட்டர் கோடு ஆறாகப் பிரிகிறது. ஜீமனின் சோடியமும் இதே ரகம்தான், அதன் மஞ்சள் கோடுகளில் ஒன்று நான்காகவும் இன்னொன்று ஆறாகவும் பிரியும். அந்தக் காலத்து விஞ்ஞானிகளை இது கால் நூற்றாண்டுக்கு மேல் தூங்கவிடவில்லை.

காரணம், இந்த எண்ணிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் அணு நிலை இரண்டாகப் பிரிந்தால்தான் கணக்கு சரிவரும். 0, 1, 2 என்று முழு எண்களாக வைத்தால் 1, 3, 5 என ஒற்றைப்படைதான் கிடைக்கும், இரண்டு வரவே வராது. கோண உந்தம் அரையாக இருந்தால் மட்டுமே இரண்டு வரும். 1925-ல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்வைத்த பதில்: சுற்றுவது தவிர, எலக்ட்ரானுக்கே சொந்தமாக அரை அளவு கோண உந்தம் இருக்கிறது. அதற்குத் தற்சுழற்சி என்று பெயர். இங்கே பம்பர உதாரணம் உடைந்துவிடுகிறது, ஏனென்றால் எலக்ட்ரான் நிஜமாகச் சுழலும் உருண்டை இல்லை.

எங்கே ஏமாறலாம்?

காட்மியம் மிக அதிகமாக இருந்தால் இந்த முறை தடுமாறும். நகர்ந்த கோடுகளின் ஓரமே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும், கழித்தலில் உண்மையான அளவும் சேர்ந்து போய்விடும். ஒரு கட்டத்துக்குமேல் மாசு கூடக் கூட எண் குறையும்! இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி அளப்பது. பாதியாக நீர்த்தும் எண் பாதியாகக் குறையாமல் அப்படியே நின்றாலோ ஏறினாலோ, முதல் அளவீட்டை நம்பக்கூடாது.

இன்னொரு பொறி, காந்தத்துக்கு ஆடும் மூலக்கூறுகள். பாஸ்பரஸ் மோனாக்சைடில் ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும், அதனால் அதற்கும் கோண உந்தம் உண்டு, அதன் கோடுகளும் பிரியும். அப்போது 'உப்பு அசையாது' என்ற அனுமானம் அதற்குப் பொருந்தாது. மீன் முள்ளிலும் நண்டு ஓட்டிலும் பாஸ்பேட் உண்டு என்பதால், சதையைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சோதிப்பது நல்லது. சந்தேகம் வந்தால், தெரிந்த அளவு காட்மியத்தை அதே மாதிரியில் கலந்து திரும்ப அளப்பார்கள். கலந்தது அப்படியே திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அறிக்கையில் எண் ஏறும்.